காதுக்கு வரும்போது கண்ணுக்கும் வரணும்

வீடியோவின் அடியில் ஓடும் எழுத்து பேச்சோடு ஒட்டவில்லை என்றால் பார்க்கிறவருக்கு உடனே உறுத்தும். ஆனால் எங்கே கோளாறு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. "என்னமோ சரியில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார். நைனார்பாளையம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரித் தம்பி இந்தப் புகாரைத்தான் கொண்டுவந்தான். குச்சிக்கிழங்கு நடவு பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசியதைப் படமெடுத்திருந்தான். காது கேளாத தன் சித்தப்பாவும் பார்க்கட்டும் என்று, பெரியவர் பேசியதைப் பேச்சுத் தமிழிலேயே தட்டி அடியில் ஓடவிட்டிருந்தான்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே. ஆனா பாதி முன்னாடி ஓடுது, பாதி பின்னாடி ஓடுது. ஒவ்வொண்ணா திருத்தினா விடிஞ்சிடும்."

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சப்டைட்டில் வேலையில் கை வைக்கிற யாருக்கும் முதலில் வரும் சந்தேகங்கள் இவை.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அதிகம் புழங்கும் `.srt` வகையில் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் வரிசை எண். அடுத்து, எழுத்து எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்ற நேரம். அதன் கீழே வசனம். வசனம் முடிந்ததும் ஒரு வெற்று வரி வர வேண்டும், துண்டு முடிந்ததற்கு அதுதான் அடையாளம். நேரம் மணி, நிமிடம், நொடி, மில்லிநொடி என்ற வரிசையில் இருக்கும். ஆயிரம் மில்லிநொடி சேர்ந்தால் ஒரு நொடி. நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவில் இந்த வகைக் கோப்பில் காற்புள்ளி வரும். அங்கே முற்றுப்புள்ளி போட்டுவிட்டால் சில பிளேயர்கள் அந்தத் துண்டையே காட்டாமல் விட்டுவிடும். சேமிக்கும்போது `UTF-8` என்பதைத் தேர்ந்தெடுக்கவும் மறக்கக்கூடாது. மறந்தால் தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

நேரம் தப்பியிருக்கிறது என்று தெரிந்ததும் முதல் துண்டிலிருந்து திருத்த ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம் என்று மூன்று இடங்களில் நிறுத்தி, எழுத்து எவ்வளவு தள்ளி வருகிறது என்று அளந்து பாருங்கள். அளப்பதற்கு விஎல்சி பிளேயரே போதும். எழுத்து பேச்சுக்கு முன்னால் வந்தால் `H` விசையைத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி பின்னால் போகும். எழுத்து பிந்தி வந்தால் `G` விசை அதே அளவு முன்னால் இழுக்கும். பேச்சோடு ஒட்டும்வரை தட்டிவிட்டு, திரையில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது அப்போதைக்கு ஓடும் படத்துக்கு மட்டும்தான், கோப்பு மாறாது. நமக்கு இங்கே வேண்டியது அளவு மட்டுமே.

அந்த மூன்று எண்களும் நோயைச் சொல்லிவிடும். மூன்றும் ஒன்றாக இருந்தால் கோப்பு முழுவதையும் அதே அளவு நகர்த்தினால் வேலை முடிந்தது. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக இடைவெளி சீராகக் கூடினால், படத்தின் வேகம் கோப்புக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஓர் இடம்வரை ஒரே அளவாக இருந்து, அங்கிருந்து திடீரென வேறு அளவுக்குத் தாவினால், அந்த இடத்தில் படத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள் அல்லது எதையோ ஒட்டியிருக்கிறார்கள்.

வேகக் கோளாறு பெரும்பாலும் சினிமாப் பிரதிகளில் வரும். சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடுவது. பால் முறைத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 பிரேம். 24 பிரேமில் எடுத்ததை 25 பிரேமாக ஓட்டினால், ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். அந்தப் பிரதிக்கு எழுதிய கோப்பை மூலப் படத்தோடு சேர்த்தால், முதல் காட்சியில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் போனபின் எழுத்து இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக முந்தி ஓடும். இதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, எல்லா நேரங்களையும் 25/24 ஆல் பெருக்க வேண்டும். சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் தொடக்கத்தில் ஒரு துண்டுக்கும் கடைசியில் ஒரு துண்டுக்கும் சரியான நேரத்தைக் காட்டிவிட்டால் நடுவில் உள்ளதை அதுவே பெருக்கிக்கொள்ளும். அந்த வசதியின் பெயர் `Point sync`.

தம்பியின் படத்தை அப்படி மூன்று இடங்களில் நிறுத்திப் பார்த்தோம். தொடக்கத்தில் எழுத்து 4 நொடி முந்தி வந்தது. ஐந்தாவது நிமிடத்திலும் அதே 4 நொடி. கடைசியில் 5 நொடி பிந்தி வந்தது. எண்களைப் பார்த்ததுமே நடந்தது புரிந்துவிட்டது.

"எழுத்தெல்லாம் போட்ட பிறகு முன்னாடி தலைப்பு ஏதாவது சேத்தியா?"

"ஆமாண்ணே, படத்துப் பேரு. நாலு நொடி."

"நடுவுல எதையாவது வெட்டினியா?"

கொஞ்சம் யோசித்தான். "ஏழாவது நிமிசத்துல மோட்டார் சத்தம் வந்துச்சு. ஒம்பது நொடி எடுத்துட்டேன்."

கணக்கு சரியாக வந்துவிட்டது. முன்னால் 4 நொடி சேர்ந்ததால் பேச்சு 4 நொடி தள்ளிப் போனது, எழுத்து பழைய இடத்திலேயே நின்றது. ஏழாவது நிமிடத்தில் 9 நொடி போனதும் அதற்குப் பிந்தைய பேச்சு 9 நொடி முன்னால் வந்துவிட்டது. 4 நொடி முந்திக்கொண்டிருந்த எழுத்து அங்கிருந்து 5 நொடி பிந்திவிட்டது. வெட்டுக்கு முன்னால் உள்ள துண்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 4 நொடி கூட்டினோம். பின்னால் உள்ளவற்றில் 5 நொடி கழித்தோம். வெட்டிப்போன 9 நொடியில் பேசியிருந்த இரண்டு துண்டுகளை அழித்தோம். விடியும்வரை ஆகும் என்று அவன் பயந்த வேலையில் பெரும்பகுதி டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பாட்டை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றும் பழைய தமிழ்ப் படங்களிலும் இதே தாவல்தான் நடக்கிறது. ஒவ்வொரு பாட்டும் போன இடத்தில் ஒரு தாவல். பாட்டுகளுக்கு நடுவே உள்ள பகுதிகளைத் தனித்தனியாக அளந்து தனித்தனியாக நகர்த்த வேண்டும்.

மொத்தக் கோளாறு நீங்கிய பிறகுதான் கை வேலை ஆரம்பம். அதுவரை ஒரு துண்டின் நேரத்தைக்கூடத் தனியாகத் திருத்தக் கூடாது. திருத்தினால் பிறகு மொத்தமாக நகர்த்தும்போது அதுவும் சேர்ந்து நகர்ந்து, பட்ட பாடு வீணாகும்.

தம்பியின் கோப்பில் ஓர் இடம் இப்படி இருந்தது:

```
41
00:03:12,000 --> 00:03:15,000
நட்ட அன்னிக்கு ஒரு தண்ணி. மூணாம் நாளு
உயிர்த் தண்ணி. அதுக்கு மேல தேங்க விட்டா

42
00:03:15,000 --> 00:03:16,200
கிழங்கு அழுகிப் போயிடும்.
```

பெரியவர் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். ஒரு தண்ணீர் சொல்லிவிட்டு மூச்சு விடுகிறார். உயிர்த் தண்ணீர் சொல்லிவிட்டு வயலைத் திரும்பிப் பார்க்கிறார். பிறகுதான் அழுகிப் போகிற சங்கதிக்கு வருகிறார். இந்தக் கோப்பிலோ மூன்றும் ஒரேயடியாக வந்து கொட்டுகின்றன. "கிழங்கு அழுகிப் போயிடும்" என்று அவர் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த எழுத்து வந்து மறைந்தும் விடுகிறது.

"சித்தப்பாவுக்குத்தான் காது கேக்காதே அண்ணே, அவருக்கு ஒண்ணு ரெண்டு நொடி முன்ன பின்ன ஆனா தெரியவா போகுது?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் காது கேளாதவர்தான் மற்றவர்களைவிட உன்னிப்பாக வாயையும் முகத்தையும் பார்க்கிறார். வாய் மூடியிருக்கும்போது எழுத்து ஓடினால் இதைச் சொன்னது யார் என்று அவர் தேடுவார். இரண்டு பேர் பேசும் காட்சியாக இருந்தால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக எடுத்துக்கொள்வார். ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் திரையரங்குப் படங்களுக்கு வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளில் செவித்திறன் குறைந்தவர்களுக்கான எழுத்தும் இடம்பெற்றிருக்கிறது. திரையரங்கில் ஓடும் எழுத்துக்கும் தம்பியின் எழுத்துக்கும் நேரக் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கை நான் இப்படிச் சொல்வேன்: எழுத்து தோன்றும் நேரத்தைக் காது முடிவு செய்ய வேண்டும், மறையும் நேரத்தைக் கண் முடிவு செய்ய வேண்டும். பேச்சு தொடங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் பேச்சு முடிந்த கணத்திலேயே எழுத்தைப் பிடுங்கக் கூடாது. கேட்பதைவிடப் படிப்பது ஓர் எட்டுப் பின்னால்தான் வரும்.

முதலில் தோன்றும் இடம். ஏஜிசப் போன்ற மென்பொருள் ஒலியை அலை வடிவத்தில் காட்டும். இடது சொடுக்கு தொடக்கம், வலது சொடுக்கு முடிவு. புதிதாகச் செய்கிறவர்கள் அலை உயர்ந்து நிற்கும் இடத்தில் சொடுக்கிவிடுவார்கள். "நட்ட" என்ற சொல் ந் என்ற மெல்லினத்தில் தொடங்குகிறது. அது அலையில் தாழ்ந்த மேடாகத்தான் தெரியும், உயரமான பகுதி அதன் பின்னால் வரும் அகர ஒலியுடையது. உயரத்தைப் பார்த்துச் சொடுக்கினால் எழுத்து பேச்சுக்குப் பிந்திவிடும். "கிழங்கு" என்ற சொல்லில் நிலைமை வேறு. க், த், ப் போன்ற வல்லினத்தில் தொடங்கும் சொற்களில் வாய் அடைத்துத் திறக்கும்போது ஒலி சட்டென்று வெடிக்கும், அலையில் விளிம்பு கூராகத் தெரியும். அங்கே தவறு நேராது. அலையைப் பார்த்துக் குறித்தபின், குறித்த இடத்திலிருந்தே ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சொல்லின் முதல் ஒலி நறுக்கப்பட்டுக் கேட்டால் உங்கள் குறி பிந்தி விழுந்திருக்கிறது.

முடிவிலும் இதே சிக்கல் உண்டு. "போயிடும்" என்று பேசும்போது கடைசி மகரம் மூக்கொலியாகத் தேய்ந்து போகும். அலை தட்டையானது போலத் தெரிந்தாலும் காதுக்கு இன்னும் கேட்கும். அதனால் முடிவைக் குறிக்கும்போது கண்ணை நம்பாமல் காதை நம்ப வேண்டும்.

தம்பியின் படம் நொடிக்கு 25 பிரேம். ஒரு பிரேம் 40 மில்லிநொடி. "நட்ட" என்ற ஒலி 3 நிமிடம் 12.480 நொடியில் தொடங்குகிறது. எழுத்தை அதற்கு ஒரு பிரேம் முன்னால் 12.440-இல் வைத்தோம். அந்த ஒரு பிரேம் முந்துவது யாருக்கும் தெரியாது, பிந்தினால் உறுத்தும். பேச்சு 13.920-இல் முடிகிறது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய அரை நொடி எழுத்தை நிற்கவிட்டோம். இப்படித் திருத்தியபின் அந்த இடம்:

```
41
00:03:12,440 --> 00:03:14,400
நட்ட அன்னிக்கு ஒரு தண்ணி.

42
00:03:14,480 --> 00:03:16,680
மூணாம் நாளு உயிர்த் தண்ணி.

43
00:03:17,280 --> 00:03:20,800
அதுக்கு மேல தேங்க விட்டா
கிழங்கு அழுகிப் போயிடும்.
```

41-க்கும் 42-க்கும் நடுவில் 80 மில்லிநொடி, அதாவது இரண்டு பிரேம் வெற்றாக இருக்கிறது. அந்த இடைவெளி இல்லாமல் ஒன்று முடிந்த கணத்தில் அடுத்தது வந்தால், எழுத்து மாறியதே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சின்னதாக ஒரு இமைப்பு வந்தால் "புது வரி" என்று கண் பிடித்துக்கொள்ளும். 42-க்கும் 43-க்கும் நடுவில் அரை நொடிக்கு மேல் விட்டோம், ஏனென்றால் அங்கே பெரியவரே நிறுத்தி வயலைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுப்பட்ட இடைவெளிதான் தொல்லை. கால் நொடி மறைந்து மறுபடி தோன்றினால் பல்பு விட்டுவிட்டு எரிவது போல இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் முந்தின துண்டின் முடிவை நீட்டி, இரண்டு பிரேம் மட்டும் மிச்சம் வையுங்கள்.

ஒரு துண்டு எவ்வளவு நேரம் நிற்கலாம்? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பொது விதியில் குறைந்தது ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு, அதிகம் 7 நொடி. நம் வேலைக்கும் அது பொருந்தும். 7 நொடிக்கு மேல் நின்றால் படித்து முடித்த கண் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிடும்.

மென்பொருள் காட்டும் படிப்பு வேகத்தைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நொடிக்கு இத்தனை எழுத்து என்று அது காட்டும்போது பெரும்பாலும் கணினிக் குறிகளை எண்ணிச் சொல்கிறது. "மூணாம் நாளு உயிர்த் தண்ணி" என்பதில் நாம் எண்ணினால் 12 எழுத்து. கணினிக்கு மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால், இடைவெளிகளை விட்டுவிட்டாலே 22. ஆங்கிலத்துக்கு வைத்த எல்லையைத் தாண்டியதாக அது சிவப்பில் காட்டினால் அவசரப்பட்டு வசனத்தை வெட்டாதீர்கள். படத்தை முன்பு பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் எழுத்து மறைந்தால்தான் அது உண்மையிலேயே வேகம்.

எங்கே வெட்டுவது என்பதில் தமிழுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் நிற்கும். நடந்ததா, நடக்கவில்லையா என்பதைக் கடைசிச் சொல்தான் சொல்லும். பெரியவர் ஓரிடத்தில் "வெலை கூடும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "கூடலை" என்கிறார். தம்பி இரண்டையும் ஒரே துண்டில் போட்டிருந்தான். அவர் வாய் திறப்பதற்கு முன்பே "கூடலை" என்பதைப் படித்துவிட்டவருக்கு அந்த மௌனத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. இரண்டாகப் பிரித்தோம். "கூடலை" என்ற பேச்சு அரை நொடிதான். எழுத்தை அவர் சொல்லும் கணத்தில் தோன்றவைத்து ஒன்றேகால் நொடி நிறுத்தினோம்.

நிறுத்தமே இல்லாமல் பேசுகிறவர்களிடம் இது கடினம். 1952-இல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கலைஞர் எழுதிய அந்த அடுக்கு வாக்கியங்களைச் சிவாஜி மூச்சுப் பிடித்துப் பேசுகிறார், வினை நெடுநேரம் கழித்து வருகிறது. அங்கே இலக்கணத்தைவிட மூச்சுதான் வழிகாட்டி. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் துண்டை முடியுங்கள். மூச்சே வாங்காத இடத்தில் "செய்து", "போய்", "வந்தால்" போன்ற எச்சங்களுக்குப் பின்னால் வெட்டுங்கள். "வீட்டு" என்று முடித்து அடுத்த துண்டில் "வாசல்ல" என்று தொடங்குவது போல, ஒட்டி நிற்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே மட்டும் வெட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று, காட்சி மாறும் இடம். முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த படம் சட்டென்று வயலுக்கு மாறினால் கண் புதுக் காட்சிக்குத் தாவும். அதற்குப் பிறகும் ஓரிரு பிரேம் பழைய எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், கண் அதைப் புது எழுத்து என்று நினைத்து மறுபடி படிக்கும். அதனால் முடிவு நேரம் காட்சி மாற்றத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்தால், அதை இழுத்து மாற்றத்துக்கு இரண்டு பிரேம் முன்னால் வையுங்கள். பேச்சே காட்சி மாற்றத்தைத் தாண்டிப் போனால் எழுத்தும் தாராளமாகத் தாண்டிப் போகட்டும். அப்போது அரை நொடியாவது புதுக் காட்சியில் நிற்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒட்டாத இடங்கள் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டையும் ஒரே துண்டில், ஆளுக்கு ஒரு வரியாக, முன்னால் சிறு கோடு போட்டு எழுதுவதுதான் வழக்கம். அப்போது இரண்டாமவருக்கு எழுத்து கொஞ்சம் முந்தித்தான் வரும். படிக்க முடியாத வேகத்தில் ஒருவர் பேசினால் நேரத்தை நீட்ட இடமிருக்காது, வசனத்தைத்தான் சுருக்க வேண்டும். பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்ன "பாத்தியா", "அதான்" போன்றவற்றை அப்படிச் சில இடங்களில் விட்டுவிட்டோம்.

முடித்தபின் படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியோடு பாருங்கள், பேச்சுக்குப் பிந்தி வரும் எழுத்து அதில் மாட்டும். இரண்டாம் முறை ஒலியை முழுக்க மூடிவிட்டுப் பாருங்கள், படித்து முடிப்பதற்குள் மறையும் எழுத்தும் யார் பேசுகிறார் என்று புரியாத இடமும் அதில் மாட்டும். ஒலியை மூடிப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் வெளியே விடாதீர்கள். அந்த எழுத்தை நம்பியே படம் பார்க்கிறவர் அப்படித்தான் பார்க்கப் போகிறார்.